வயதை எழுதாதீர்கள், பிறந்த வருஷத்தை எழுதுங்கள்

கரிசல் காட்டில் பழைய ஆட்களைப் பற்றி விசாரித்தால் வயது எண்ணாக வராது. "தாது வருசப் பஞ்சத்துல பொறந்தவ எங்க பாட்டி" என்பார்கள். "கழுகுமலையில சண்டை நடந்தப்போ எங்க தாத்தா கைப்பிள்ளை" என்பார்கள். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் குடும்பக் கதையை நாவலாக எழுத உட்காருகிற எவருக்கும் முதலில் கையில் கிடைப்பது இப்படிப்பட்ட தகவல்தான். அதை அவசரமாக ஒரு எண்ணாக மாற்றி, "பாட்டிக்கு அப்போது பத்தொன்பது வயது" என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதிவிடுகிறோம். பதினேழாம் அத்தியாயத்தில் அதே பாட்டிக்கு வேறொரு கணக்கில் வேறொரு வயது வந்து நிற்கிறது.

நீண்ட கதையில் முன்னுக்குப் பின் முரண் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடியும். கணக்குப் போட்டுக் கிடைத்த விடையை எழுதி வைத்துக்கொண்டு, எதிலிருந்து கணக்குப் போட்டோமோ அந்த மூலத்தைத் தொலைத்துவிடுகிறோம். வயது ஒரு விடை. மூலம் பிறந்த வருஷமும் மாதமும். "இரண்டு மணி நேர நடை" ஒரு விடை. மூலம் தூரமும், வண்டியா காலா என்பதும், மழைக்காலமா கோடையா என்பதும். "கை சரியாகிவிட்டது" ஒரு விடை. மூலம் எந்தக் கை, எந்த நாளில், எந்த எலும்பு என்பது. குறிப்பேட்டில் மூலத்தை மட்டும் ஒரே ஒரு இடத்தில் எழுதி வைத்து, விடையை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டுக்கொண்டால் பாதிக்கு மேல் முரண்கள் பிறக்கவே பிறக்காது.

நம் வட்டாரத்து நாவல்களே இதற்கு நல்ல பாடம். பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒரு கொலையைச் செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்களின் கதை. அப்படிப்பட்ட கதைக்கு வருஷக் கணக்கு வேண்டாம். நாளும் பொழுதும் நிலாவும்தான் கணக்கு. அதே பூமணி 2012இல் வெளியிட்ட 'அஞ்ஞாடி' ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, தலைமுறை தலைமுறையாகப் போகிறது. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. அங்கே கணக்கு வருஷத்திலும் மாதத்திலும் இருக்க வேண்டும். கதையின் நீளத்தைப் பொறுத்துக் குறிப்பேட்டின் அளவுகோல் மாறும். நான் இங்கே சொல்லப்போவது இரண்டாவது வகைக்கு.

தாது வருஷத்தில் பிறந்த பாட்டி

ஒரு குடும்பக் கதையை எடுத்துக்கொள்வோம். பாட்டி தாது வருஷம் தை மாதம் பிறந்தவள். மூத்த மகன் விஜய வருஷம் ஆவணி மாதம் பிறந்தவன். கதையில் கழுகுமலைக் கலவரமும் சிவகாசிக் கலவரமும் வருகின்றன.

தாது வருஷம் என்றதும் பஞ்சத்தை நினைத்து 1876 என்று போட்டுவிடுவோம். ஆனால் தமிழ் வருஷம் சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. தாது வருஷத்துச் சித்திரை 1876 என்றால், அதே தாது வருஷத்துத் தை மாதம் 1877 ஜனவரி நடுவில்தான் பிறக்கும். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரு வருஷ வித்தியாசம் உண்டு. மார்கழியிலும் பின்பாதி அடுத்த ஆங்கில வருஷத்தில் விழுந்துவிடும். குடும்ப நாவல்களில் வயது சரியாக ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் முதலில் இந்த இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு எளிய வழி, குறிப்பேடு முழுவதையும் தமிழ் நாட்காட்டியிலேயே வைத்துக்கொள்வது. சித்திரை எந்த ஆங்கில வருஷத்தில் விழுகிறதோ அந்த எண்ணையே முழுத் தமிழ் வருஷத்துக்கும் போடுங்கள். மாதத்துக்குச் சித்திரை 1, வைகாசி 2 என்று தொடங்கிப் பங்குனி 12 வரை. பாட்டி பிறந்தது 1876, 10. மகன் பிறந்தது 1893, 5. கழுகுமலைக் கலவரம் 1895 ஏப்ரலில், பங்குனி உத்திரத்தை ஒட்டி நடந்தது. பங்குனி என்பதால் அது ஜய வருஷத்தின் கடைசி மாதம்; எனவே 1894, 12. சிவகாசிக் கலவரம் 1899 ஜூன் 6. அது விகாரி வருஷம் வைகாசி. எனவே 1899, 2.

கணினியில் விரிதாள் வைத்திருப்பவர்கள் B பத்தியில் பிறந்த வருஷம், C பத்தியில் பிறந்த மாதம், D பத்தியில் சம்பவ வருஷம், E பத்தியில் சம்பவ மாதம் என்று போட்டால் வயதுக்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
=D2-B2-(E2<C2)
```

சம்பவ மாதம் பிறந்த மாதத்துக்கு முன்னால் வந்தால் ஒன்றைக் கழிக்கும், இல்லாவிட்டால் கழிக்காது. இரண்டும் ஒரே மாதமானால் தேதியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தேதியை முழுத் தேதியாக இடாமல் வருஷம், மாதம் என்று தனித்தனி எண்களாகப் பிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸலில் 1900ஆம் வருஷத்துக்கு முந்தைய தேதியைத் தட்டினால் அது தேதியாக நிற்காது. வெறும் எழுத்தாகக் கிடக்கும், கணக்குக்கு வராது. தாது வருஷத்துப் பாட்டியை அதில் தேதியாக வைக்கவே முடியாது. நோட்டில் எழுதுகிறவர்கள் இதே கழித்தலை மனக்கணக்காகச் செய்துகொள்ளலாம்.

விடையைப் பார்ப்போம். கழுகுமலைக் கலவரத்தின்போது பாட்டிக்கு 18 முடிந்திருக்கிறது. 1895இலிருந்து 1876ஐக் கழித்தால் கிடைக்கிற 19 அல்ல. மகனுக்கு ஒரு வயதும் சில மாதங்களும். சிவகாசிக் கலவரத்தின்போது பாட்டிக்கு 22, மகனுக்கு 5.

இதில் வயது ஒன்று கூடுவது குறைவது மட்டும் விஷயமில்லை. அந்த மகன் கதையின் பிற்பகுதியில், அறுபது தாண்டிய பெரியவராக, திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளிடம் "கழுகுமலையில கொட்டாய் எரிஞ்சத நான் கண்ணால பாத்தேம்ல" என்று சொல்வதாக எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை உடனே கையைப் பிடிக்கும். ஒன்றரை வயதில் அம்மா இடுப்பில் இருந்தவனுக்கு அந்த ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. இப்போது இரண்டு வழி இருக்கிறது. அந்தப் பேச்சைச் சிவகாசிச் சம்பவத்துக்கு மாற்றலாம், அப்போது ஐந்து வயது, ஞாபகம் இருக்கும். அல்லது அப்படியே விடலாம். ஆனால் அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டதைத் தான் பார்த்ததாகவே நம்புகிற மனிதர் அவர் என்று தெரிந்தே விட வேண்டும். இரண்டாவது வழியில் கதைக்கு ஒரு நல்ல குணச்சித்திரம் கிடைக்கிறது. அது தெரிந்து செய்ததா, தெரியாமல் விழுந்ததா என்பதை வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு கண்ணி அறுபது வருஷச் சுற்று. தாது 1876இல் வந்தது, மறுபடி 1936இல் வந்தது, அதற்கப்புறம் 1996இல் வந்தது. பாட்டியும் தாது, அவள் பேத்தியும் தாது என்று ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் அமைவது நம்மூரில் அபூர்வமில்லை. விசாரிக்கப் போகும்போது வருஷப் பெயரோடு நிற்காமல் "அதுக்கு முன்னால என்ன நடந்தது, பின்னால என்ன நடந்தது" என்று ஒரு நிகழ்ச்சியையும் சேர்த்துக் கேட்டு வாங்கினால்தான் எந்தச் சுற்று என்று முடிவாகும்.

சொன்னவர் யார்

கழுகுமலையைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் அந்த மகனைப் போலப் பாத்திரத்தின் ஞாபகம் தவறலாம் என்பதால், குறிப்பேட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு பத்தி 'சொன்னவர்'. கதையில் வருகிற ஒரு எண்ணைக் கதைசொல்லி சொன்னாரா, பாத்திரம் சொன்னதா என்று குறிப்பது. கதைசொல்லி சொன்னது கல்வெட்டு, பின்னால் மாற்றக்கூடாது. பாத்திரம் சொன்னது அந்த ஆளின் பேச்சு, தவறாக இருக்கலாம்.

இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. அதில் நூறு வயதை எப்போதோ தாண்டிவிட்ட மங்கத்தாயாரு அம்மாள் மூலமாகத்தான் அந்தக் குடிகள் தெலுங்குச் சீமையிலிருந்து தப்பி வந்த பழங்கதை நமக்குக் கிடைக்கிறது. அந்தக் கதையை யாரும் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு சோதிப்பதில்லை. காரணம், அது ஒரு கிழவியின் ஞாபகமாக, வாய்மொழியாக நம்மிடம் வருகிறது. ஞாபகத்துக்கு உரிய சலுகையை வாசகர் தாராளமாகக் கொடுக்கிறார். அதே சலுகையைக் கதைசொல்லி தன் குரலில் எழுதும் வாக்கியத்துக்குக் கொடுக்க மாட்டார்.

இதனால் ஒரு கைக்காவலும் கிடைக்கிறது. உறுதியில்லாத எண்ணைக் கதைசொல்லியின் வாயில் வைக்காமல் பாத்திரத்தின் வாயில் வைக்கலாம். ஆனால் வாரத்தொடரில் ஏற்கெனவே அச்சேறிய ஒரு தவறை மறைக்க, பிறகு "அது அவர் தப்பாச் சொன்னது" என்று சமாளிக்கப் போனால் எடுபடாது. முதலில் அதைச் சொன்னது பாத்திரமாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு பாத்திரம் கதைக்குள்ளேயே மறுத்துப் பேச ஒரு காரணமும் இருக்க வேண்டும்.

கரிசலில் தூரம் மாதத்துக்கு மாதம் மாறும்

தூரத்துக்கு மூலம் வரைபடம். கோவில்பட்டியை நடுவில் வைத்தால் மேற்கே கழுகுமலை, கிழக்கே எட்டயபுரம், வடக்கே சாத்தூர், தெற்கே சற்று மேற்காகச் சாய்ந்து கயத்தாறு. கழுகுமலை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், எட்டயபுரம் ஏறக்குறைய 15. நம் கற்பனை ஊரை இதில் ஒரு புள்ளியாக வைத்துவிட வேண்டும். "கோவில்பட்டிக்குத் தெற்கே 8 கிலோமீட்டர்" என்று முடிவு செய்தால் மற்ற எல்லாத் தூரமும் அதிலிருந்துதான் வர வேண்டும்.

சரிபார்க்க முக்கோண விதி போதும். ஊரிலிருந்து கோவில்பட்டி 8, கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை 20 என்றால், ஊரிலிருந்து கழுகுமலை 28ஐத் தாண்ட முடியாது. கோவில்பட்டி வழியாகச் சுற்றிப் போனாலே 28தான். 12க்குக் குறையவும் முடியாது. ஒரு அத்தியாயத்தில் "கழுகுமலை இங்கிருந்து கூப்பிடு தூரம்" என்றும் இன்னொன்றில் "ஒரு நாள் நடை" என்றும் வந்தால் இந்த இரண்டு எண்ணில் எதையோ உடைத்திருக்கிறோம். திசையும் அப்படித்தான். சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு நடக்கிறவனுக்கு வெயில் முகத்தில் அடிக்கும். முதுகில் அடித்தால் அவன் எட்டயபுரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும் என்று நினைப்பதுதான் கரிசலில் செல்லாது. கோடையில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வண்டிப்பாதை இறுகிப் பாறை மாதிரி இருக்கும். நல்ல நடைக்காரர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போவார். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மணிக்கு மூன்றிலிருந்து நான்கு. ஊரிலிருந்து கோவில்பட்டிப் பருத்திப்பேட்டைக்கு எட்டுக் கிலோமீட்டரும் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் கதை வேறு. நனைந்த கரிசல் காலில் அப்பிக்கொண்டு அடிக்கு அடி கனக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கும். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அது வடிகிற வரைக்கும் இந்தக் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அதே எட்டுக் கிலோமீட்டர் அரை நாளும் ஆகலாம், போகவே முடியாமலும் போகலாம்.

ஆகவே 'ஊர் முதல் கோவில்பட்டி' என்ற ஒரு வரிக்கு எதிரே மூன்று நேரம் எழுதுகிறேன்: கோடை நடை, கோடை வண்டி, மழைக்காலம். அத்தியாயத்தின் மாதத்தைப் பார்த்து அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

காலத்தோடு பூட்டிய விஷயங்களையும் இதே தாளில் வைக்கலாம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876இல். அதற்கு முந்தைய அத்தியாயத்தில் ரயில் சத்தம் கேட்கக்கூடாது. 1957 ஏப்ரல் வரை அணா. அறுபதுகளுக்கு முன்னால் சாலையோரக் கல்லில் மைல்தான், கிலோமீட்டர் இல்லை. 1986 அக்டோபர் வரை கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டம். 1975இல் நடக்கிற காட்சியில் ஒருவர் மனு எழுதினால் மேல்முகவரியில் திருநெல்வேலிதான் வர வேண்டும்.

எந்தக் கை

காயத்தில் உலகப் புகழ்பெற்ற முரண் டாக்டர் வாட்சனுடையது. ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், ஆப்கானிஸ்தானத்து மைவாண்ட் போரில் வாட்சனுக்குத் தோளில் குண்டு பட்டது. 1890இல் வந்த இரண்டாவது கதையில் அவர் காலில் குண்டடி பட்ட வலியோடு உட்கார்ந்திருக்கிறார். "பழைய போர்க்காயம் வலிக்கிறது" என்ற விளைவு அங்கே நிற்கிறது. "எங்கே பட்டது" என்ற மூலம் நழுவிவிட்டது. வாசகர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் கதைக்கு வருவோம். மாமா ஐப்பசி 20ஆம் தேதி, சேற்றில் சாய்ந்த வண்டியிலிருந்து விழுந்து வலது முன்கை எலும்பை முறித்துக்கொள்கிறார். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறார். வளர்ந்த ஆளுக்கு முன்கை எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கட்டை அவிழ்க்க மார்கழி பிறந்துவிடும். அவிழ்த்த அன்றே கை பழையபடி வராது. மணிக்கட்டு விறைத்திருக்கும், பிடி இருக்காது, பாரம் தூக்க இன்னும் சில வாரம் வேண்டும். இதே இடத்தில் தொடை எலும்பு என்றால் மூன்று மாதத்துக்கும் மேல். பத்து வயதுப் பையன் என்றால் முன்கை இன்னும் சீக்கிரம் கூடும்.

இப்போது இதைக் காட்டு வேலையோடு சேர்த்துப் பாருங்கள். மானாவாரிக் கரிசலில் கார்த்திகையில் களையெடுப்பு. அந்த அத்தியாயத்தில் மாமா களைக்கொத்தைப் பிடிக்க முடியாது. தை அறுவடையில் கதிர் அறுக்கலாம். ஆனால் மூட்டையைத் தோளுக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். மாசி, பங்குனியில் பருத்தி எடுக்கும்போது விரல் வேலைதான் என்பதால் சமாளிப்பார். அதோடு முடியவில்லை. வைத்துக் கட்டியது சற்றுக் கோணலாகக் கூடியிருந்தால் உள்ளங்கையை முழுக்க மேல்நோக்கித் திருப்ப முடியாது. ஐந்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவர் கையேந்திப் பாயசம் வாங்குகிற காட்சி வந்தால் அங்கேயும் இது தெரிய வேண்டும்.

ஆகவே காயத்துக்கு என் குறிப்பில் ஆறு விஷயம்: யாருக்கு, எந்தப் பக்கம், உடம்பில் எந்த இடம், எந்த நாள், எந்த மாதம் வரை எந்த வேலை முடியாது, கடைசி வரைக்கும் என்ன மிச்சம் இருக்கும். பக்கம் என்பது எப்போதும் அடிபட்டவரின் வலது இடது. எதிரே நின்று பார்க்கிறவருடையது அல்ல.

பிரதியைச் சோதிக்கும்போது நம் வட்டாரப் பேச்சுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'வலது' என்று மட்டும் தேடினால் எல்லாம் அகப்படாது. உரையாடலில் அது சோத்துக்கையாகவும், இடது பீச்சாங்கையாகவும் இருக்கும். 'வலக்', 'இடக்' என்ற துண்டுகளையும் தேட வேண்டும். வயதுக்கு 'வயது', 'வயசு' இரண்டும். காலத்துக்கு 'போன வரு', 'மறுவரு', 'முந்தாநா' என்ற அடித்துண்டுகள். தமிழில் விகுதி மாறிக்கொண்டே இருப்பதால் முழுச் சொல்லைத் தேடுவதைவிட அடித்துண்டைத் தேடுவதே பலன் தரும்.

எழுதியதும் நினைத்ததும்

குறிப்பேடு கெட்டுப்போவதற்கும் ஒரு வழி இருக்கிறது. இனிமேல் எழுதலாம் என்று நினைத்ததையும், எழுதி முடித்ததையும் ஒரே பத்தியில் கலந்து வைப்பது. மாமா கடைசியில் எந்த வருஷம் சாகப் போகிறார் என்பது உங்கள் யோசனை, அது மாறலாம். அவருக்கு ஐப்பசியில் கை முறிந்தது ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியாகிவிட்டது, அது மாறக்கூடாது. எழுதியதற்கு எதிரே அத்தியாய எண்ணைப் போடுங்கள். எண் இல்லாத வரி எல்லாம் இன்னும் உங்கள் கையில் இருப்பது.

ஒரு அத்தியாயத்தை முடித்த அன்றே அதைத் திரும்ப வாசித்து, புதிதாக வந்த எண், திசை, காயம், மாதம் ஆகியவற்றை மட்டும் பொறுக்கிக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டால் போதும். அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கும் முன் அதில் வரப்போகிற ஆட்களின் வயதையும் உடம்பின் நிலையையும் அந்த மாதத்துக்குக் கணக்கிட்டுத் தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள். கணக்கிட்ட அந்த எண்களைக் குறிப்பேட்டில் சேமிக்க வேண்டாம். அந்த அத்தியாயத்தோடு அவற்றின் வேலை முடிந்தது. கதைக்குள்ளும் எண்ணைக் குறைவாகவே வையுங்கள். "ஒன்றரை வயதுப் பிள்ளை" என்பதைவிட "இடுப்புப் பிள்ளை" என்று எழுதினால் காட்சியும் வரும், பின்னால் மோதவும் மோதாது.

கரிசல் குடும்பக் கதையை எழுத நினைப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் போய் "உங்களுக்கு என்ன வயசு" என்று கேட்காதீர்கள். பிறந்த தமிழ் வருஷம், மாதம், அதற்கு முன்னும் பின்னும் ஊரில் நடந்த ஒரு விஷயம், இந்த மூன்றையும் கேட்டு அவர்கள் சொன்னபடியே எழுதி வாங்குங்கள். வயதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த மூன்றையும் அவர்கள் இருக்கும்போதுதான் கேட்க முடியும்.